நீண்ட காலக் கோடுகள் விரிந்திருந்தும் பங்கு ஏன் நின்றுபோனது?

அன்புள்ள ஐயா,

கப்பியின் 12 சராசரி விலைக் கோடுகளையும் தினசரி சார்ட்டில் போட்டு ஆறு மாதமாகப் பார்த்து வருகிறேன். நீண்ட காலக் கோடுகள் நன்றாக விரிந்திருந்தால் டிரெண்ட் ஆரோக்கியமாக இருக்கிறது என்று படித்தேன். ஒரு மிட்கேப் பங்கில் அவை இதுவரை இல்லாத அளவுக்கு விரிந்திருந்தபோது வாங்கினேன். அதன்பிறகு பங்கு ஏறவே இல்லை, மெல்ல இறங்குகிறது. ஆனால் கோடுகள் இன்னும் விரிந்தே இருக்கின்றன. இடைவெளியை நம்பலாமா, அல்லது ஒன்றையொன்று வெட்டுவதை மட்டும் பார்க்க வேண்டுமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

இடைவெளியை நம்பலாம். ஆனால் அது எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். நீங்கள் பார்த்த அகலம் பொய் இல்லை, பழைய செய்தி. அவ்வளவுதான்.

ஆஸ்திரேலிய டிரேடர் டேரில் கப்பி 3, 5, 8, 10, 12, 15 நாள் எக்ஸ்பொனென்ஷியல் சராசரிகளை ஒரு கட்டாகவும், 30, 35, 40, 45, 50, 60 நாள் சராசரிகளை இன்னொரு கட்டாகவும் வைத்தார். முதலாவதை இங்கே குறுங்கட்டு என்றும் அடுத்ததை நெடுங்கட்டு என்றும் சொல்கிறேன். குறுங்கட்டு டிரேடர்களின் மனநிலை, நெடுங்கட்டு முதலீட்டாளர்களின் மனநிலை என்பது அவர் தந்த விளக்கம். நினைவில் வைத்துக்கொள்ள நல்ல படம்தான். ஆனால் யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்பது சராசரிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் விலையும் நாளும்தான். உங்கள் கேள்விக்கான பதில் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு எக்ஸ்பொனென்ஷியல் சராசரியில் இன்றைய விலைக்கு எடை அதிகம், பின்னால் போகப் போக எடை குறையும். இந்த எடைகளை வைத்து அதில் உள்ள தகவலின் சராசரி வயதைக் கணக்கிட்டால், அந்த நாள் எண்ணில் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்த அளவு வரும். 60 நாள் கோட்டுக்கு வயது 29.5 நாள், 30 நாள் கோட்டுக்கு 14.5 நாள். நேர்கோட்டில் சீராக ஏறும் பங்கில், 60 நாள் கோடு இன்று காட்டுவது 29.5 வர்த்தக நாட்களுக்கு முந்தைய விலையைத்தான். அப்படியானால் நெடுங்கட்டின் அகலம் என்பது என்ன? ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு முன்பிருந்து மூன்று வாரத்துக்கு முன்புவரை, அந்த 15 நாட்களில் பங்கு எவ்வளவு ஏறியது என்பது. குறுங்கட்டில் 3 நாள் கோட்டின் வயது 1, 15 நாள் கோட்டின் வயது 7. அதன் அகலம் கடந்த ஒன்றரை வாரத்தில் நடந்த 6 நாள் ஏற்றத்தைச் சொல்கிறது. ஏற்றம் நேர்கோடாக இல்லாதபோது இந்தக் கணக்கு கொஞ்சம் மழுங்கும், ஆனாலும் பொருள் மாறாது.

ஆகவே அகலம் என்பது வேகம். நெடுங்கட்டின் அகலத்தை 15-ஆலும் குறுங்கட்டின் அகலத்தை 6-ஆலும் வகுத்தால் இரண்டுமே ‘நாளுக்கு எத்தனை ரூபாய்’ என்ற ஒரே அளவுக்கு வந்துவிடும். அப்புறம் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். பல மாதமாக நாளுக்கு 2 ரூபாய் ஏறி இன்று 700-இல் நிற்கிறது. 3 நாள் கோடு 698, 15 நாள் கோடு 686, 30 நாள் கோடு 671, 60 நாள் கோடு 641. குறுங்கட்டின் அகலம் 12 ரூபாய், நெடுங்கட்டின் அகலம் 30 ரூபாய். வகுத்துப் பாருங்கள், இரண்டும் நாளுக்கு 2 ரூபாய்தான். ஒரு சீரான டிரெண்டில் நெடுங்கட்டு எப்போதும் குறுங்கட்டைப் போல இரண்டரை மடங்கு அகலமாகத்தான் தெரியும். ‘பெரிய கட்டு எவ்வளவு விரிந்திருக்கிறது பார்’ என்று கண்ணுக்குப் படுவதில் பாதி இந்தக் கணக்கின் விளைவு.

இப்போது இந்தப் பங்கு சூடுபிடித்து, 10 நாள் தொடர்ந்து நாளுக்கு 6 ரூபாய் ஏறி 760-க்குப் போகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது. நின்ற அன்று நெடுங்கட்டின் அகலம் 35, குறுங்கட்டின் அகலம் 29. விலை ஒரு ரூபாய்கூட நகராமல் ஆறு வர்த்தக நாள் போகட்டும். குறுங்கட்டு 15-க்குச் சுருங்கிவிட்டது. நெடுங்கட்டோ 37-க்கு விரிந்திருக்கிறது! அதன் உச்ச அகலமே அங்கேதான். அதாவது, பங்கு நின்று ஒரு வாரத்துக்கும் மேல் ஆன பிறகுதான் நெடுங்கட்டு ‘இதுவரை இல்லாத அளவுக்கு’ விரிகிறது. நீங்கள் வாங்கியது அநேகமாக இந்த இடத்தில்தான்.

வேகமாக மாற்றினால் இது இன்னும் தெளிவாகும். நின்ற அன்று குறுங்கட்டின் வேகம் நாளுக்கு 4.8 ரூபாய், நெடுங்கட்டின் வேகம் 2.3. ஆறு நாள் கழித்து இரண்டுமே சுமார் 2.5. அண்மை வேகம் பழைய வேகத்துக்கு மேலே இருக்கும்வரை நெடுங்கட்டு விரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒட்டி அகலம் உச்சத்தைத் தொடும். பிறகு சுருங்கும். நெடுங்கட்டு மிக அகலமாக இருக்கும் தருணம், வேகம் குறைந்து முடிந்த தருணம். அதை வாங்கும் அறிகுறியாக எடுப்பது தலைகீழ்.

சரி, அப்படியானால் ஆரோக்கியத்தை எங்கே பார்ப்பது? ஒரு இறக்கம் வரும்போது இரண்டு கட்டுகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில் பார்க்கலாம். மறுபடி 700-இல் இருந்த பங்குக்கே வருவோம். சூடெல்லாம் வேண்டாம், அங்கிருந்து நாளுக்கு 3 ரூபாயாக 8 நாள் இறங்கி 676-க்கு வருகிறது. குறுங்கட்டு தலைகீழாகிவிட்டது: 3 நாள் கோடு 679, 15 நாள் கோடு 685. வெட்டலை மட்டும் பார்ப்பவர் இங்கேயே விற்றுவிட்டு வெளியே வந்திருப்பார். நெடுங்கட்டில் 30 நாள் கோடு 677-இல் ஏறுவதை நிறுத்தியிருக்கிறது. 60 நாள் கோடு 651-ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அகலம் 30-இலிருந்து சுமார் 25-க்கு வந்திருக்கிறது. குறுங்கட்டு நெடுங்கட்டின் மேல் விளிம்புக்கு 2 ரூபாய் தள்ளி நிற்கிறது.

இந்த எட்டாவது நாளில் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இங்கிருந்து இரண்டு வழி.

பழைய வேகத்திலேயே, நாளுக்கு 2 ரூபாய், மறுபடி ஏறத் தொடங்கினால் ஐந்தாவது நாளில் குறுங்கட்டு நிமிர்ந்துவிடும். நெடுங்கட்டுக்குள் அது நுழைந்திருக்காது. இங்கே பலரும் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. ஏற்றம் திரும்பிய பிறகும் நெடுங்கட்டு இன்னும் மூன்று வாரத்துக்குச் சுருங்கிக்கொண்டே போய் 20 ரூபாய் அகலத்துக்கு வந்துதான் நிற்கும், பிறகே விரியும். அந்தச் சுருக்கம் முடிந்துபோன இறக்கத்தின் எதிரொலி, புது நோய் இல்லை.

அதே 3 ரூபாய் இறக்கம் தொடர்ந்தால், இருபதாவது நாளில் விலை 640. 30 நாள் கோடு 664-க்கு வந்துவிடும். பதினாறாவது நாள் வாக்கில் 60 நாள் கோடும் திரும்பி 653-இல் இருக்கும். நெடுங்கட்டின் அகலம் 12-க்கும் கீழே. குறுங்கட்டு 643-இலிருந்து 659 வரை பரவி நெடுங்கட்டை ஊடுருவிக் கிடக்கும். ஒரு வழியில் 20, இன்னொரு வழியில் 12. குறுங்கட்டு நெடுங்கட்டின் விளிம்பிலிருந்து திரும்பியதா, உள்ளே புகுந்ததா என்பதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. குறுங்கட்டு உள்ளே புகுந்து, 60 நாள் கோடும் திரும்பிவிட்டால், அந்த டிரெண்டை ஆரோக்கியமானது என்று நான் சொல்லமாட்டேன், நெடுங்கட்டின் வரிசை இன்னும் தலைகீழாகாவிட்டாலும்.

கண்ணால் அகலத்தை அளக்காதீர்கள். சார்ட்டைக் கொஞ்சம் ஜூம் செய்தாலே அகலம் மாறித் தெரியும். 100 ரூபாய்ப் பங்கையும் 3000 ரூபாய்ப் பங்கையும் ரூபாயில் ஒப்பிடவும் முடியாது. டிரேடிங்வியூவின் பைன் எடிட்டரில் இதைப் போடுங்கள். இரண்டு கட்டுகளின் வேகமும் நாளுக்கு எத்தனை சதவீதம் என்று சார்ட்டுக்குக் கீழே வரும்:

```
//@version=5
indicator("GMMA speed")
s = (ta.ema(close, 3) - ta.ema(close, 15)) / close * 100 / 6
l = (ta.ema(close, 30) - ta.ema(close, 60)) / close * 100 / 15
plot(s, color=color.blue)
plot(l, color=color.red)
hline(0)
```

நீலம் சிவப்புக்கு மேலே இருந்தால் டிரெண்ட் வேகமெடுக்கிறது, கீழே வந்தால் தளர்கிறது. சிவப்பு தட்டையாக, பூச்சியத்துக்கு நன்றாக மேலே ஓடி, நீலம் அதைச் சுற்றி மேலும் கீழும் அலைந்தால் அதைத்தான் நான் ஆரோக்கியம் என்பேன். சிவப்பு செங்குத்தாக ஏறுவது எனக்குப் பிடிக்காது. பங்கு விலை போனஸுக்கும் ஸ்பிளிட்டுக்கும் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. சரிசெய்யாத சார்ட்டில் அன்று விலை பாதியாகிவிட்டதாகத் தெரியும், 12 கோடுகளும் பல வாரத்துக்குப் பயனில்லாமல் போகும்.

ஒரே நாளில் வரும் அதிர்ச்சியை இந்தக் கட்டுகள் எப்படி வாங்கிக்கொள்கின்றன என்பதற்கு நல்ல உதாரணம் 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி முந்தைய நாள் 23,263.90-இல் முடிந்தது, அன்று 21,884.50. 1,379 புள்ளி வீழ்ச்சி. 3 நாள் கோட்டில் அதன் தாக்கம் பாதி, அதாவது சுமார் 690 புள்ளி. 30 நாள் கோட்டில் 89 புள்ளி, 60 நாள் கோட்டில் 45 புள்ளி. நெடுங்கட்டின் அகலத்திலிருந்து அந்த வீழ்ச்சி பிடுங்கியது வெறும் 44 புள்ளி. ஜூன் 7 அன்று நிஃப்டி 23,290-இல் முடிந்தது. நெடுங்கட்டு அசையாமல் இருந்தது அன்று சரியாகப் போயிற்று. ஆனால் அதே அசையாமை, வீழ்ச்சி நிஜமாகத் தொடரும் நாளிலும் இருக்கும். முதல் நாளில் இரண்டையும் இதை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் எவ்வளவு நஷ்டத்தில் வெளியேறுவது என்பதை விலையை வைத்து முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த வேலையை இந்தக் கோடுகளிடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பங்கின் சார்ட்டில் நீங்கள் வாங்கிய தேதிக்குப் போய், நீலக் கோடு சிவப்பை மேலிருந்து வெட்டி இறங்கியது அதற்கு எத்தனை நாள் முன்போ பின்போ என்று எண்ணிப் பாருங்கள். குறுங்கட்டு இப்போது நெடுங்கட்டின் விளிம்பில் நிற்கிறதா, உள்ளே போய்விட்டதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.