சோடியம் 124, பொட்டாசியம் 6.1: எதை முதலில் கவனிப்பது?

"அம்மாவுக்கு 67 வயது. சுகரும் பி.பி.யும் உண்டு. பி.பி.க்கு டெல்மிசார்டானும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை. கால் வீக்கத்துக்காகப் போன மாதம் ஸ்பைரோனோலாக்டோன் 25 சேர்த்தார்கள். ஒரு வாரமாக ஒரே சோர்வு, நடந்தால் தள்ளாட்டம். இன்று காலை ரிப்போர்ட்டில் சோடியம் 124, பொட்டாசியம் 6.1, கிரியாட்டினின் 1.7, சர்க்கரை 300. உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, இளநீர் கொடுத்தால் சரியாகிவிடுமா?"

இளநீர் கொடுக்காதீர்கள். 100 மில்லி இளநீரில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சோடியம் அதைவிடக் குறைவு. அம்மாவின் ரத்தத்தில் ஏற்கெனவே கூடிக் கிடப்பதைத்தான் இளநீர் இன்னும் கூட்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள். அதில் சாதாரண உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். இன்றே, அவசரப் பிரிவும் இ.சி.ஜி.யும் உள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அடுத்த வேளை பி.பி. மாத்திரையையும் ஸ்பைரோனோலாக்டோனையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இரண்டு எண்களில் முதல் அவசரம் பொட்டாசியம். இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. இதயத் தசையின் செல்லுக்குள்ளே பொட்டாசியம் சுமார் 140. வெளியே ரத்தத்தில் 4 தான். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் செல் தனது மின்னழுத்தத்தைக் காக்கிறது. வெளியே அளவு ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கி, துடிப்பைக் கடத்தும் வேகம் மந்தமாகிறது. இ.சி.ஜி.யில் முதலில் டி அலை கூடாரம் போலக் கூர்மையாக உயரும். பிறகு பி அலை தட்டையாகி மறையும், கியூ.ஆர்.எஸ். அகலமாகும். அதற்கும் மேல் போனால் துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுவிடலாம். இந்தப் படிகள் எல்லோருக்கும் வரிசையாக வருவதில்லை. இ.சி.ஜி. சாதாரணமாகத் தெரிந்த ஒருவருக்கும் திடீரென்று துடிப்பு கெடலாம். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இல்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, சிலருக்குக் கால் தளர்வது மட்டும்தான் தெரியும்.

இந்த 6.1 பொய்யான எண்ணாகவும் இருக்கலாம். கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி ரத்தம் எடுத்தாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ, மாதிரி நெடுநேரம் கிடந்தாலோ செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவு கூடுதலாகக் காட்டும். ஆனால் அம்மாவுக்கு உண்மையாகவே ஏறக் காரணங்கள் உண்டு. உடம்பிலுள்ள பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். டெல்மிசார்டான் அதன் சுரப்பைக் குறைக்கிறது, ஸ்பைரோனோலாக்டோன் அதன் வேலையைத் தடுக்கிறது, 1.7 கிரியாட்டினின் காட்டும் சிறுநீரகமும் சளைத்திருக்கிறது. ஆகவே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் அந்த ரிப்போர்ட்டுக்காக இ.சி.ஜி.யைத் தள்ளிப் போடக் கூடாது.

இ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தால் முதலில் 10 சதவீத கால்சியம் குளுகோனேட் ஊசியை நரம்பில் மெதுவாகப் போடுவார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை இதயத்துக்குக் காவல் நிற்கும், அவ்வளவுதான். அடுத்து இன்சுலின், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். வழக்கமாக அதோடு குளுக்கோஸும் ஏற்றுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை 300 இருப்பதால் முதலில் அது தேவைப்படாமல் போகலாம், ஆனாலும் அடுத்த சில மணி நேரத்துக்கு மணிக்கொருமுறை சர்க்கரை பார்ப்பது அவசியம். உள்ளே தள்ளிய பொட்டாசியம் சில மணி நேரத்தில் திரும்ப வெளியே வந்துவிடும். அதனால் உடம்பை விட்டு வெளியேற்றும் வழியும் வேண்டும்: சிறுநீர் பிரியும் மருந்து, குடலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் பொடி, இவை போதவில்லை என்றால் டயாலிசிஸ்.

சோடியத்துக்கு வருவோம். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 124 ஆகியிருக்கிறது. இதில் ஒரு பங்கு சர்க்கரையால் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது செல்லிலிருந்து தண்ணீரை இழுத்துச் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். 100-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு நூறுக்கும் சுமார் 1.6 என்று கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். 300 என்றால் இரண்டு நூறு, அதாவது 3.2. ஆக உண்மைக் கணக்கு ஏறக்குறைய 127. அதுவும் குறைவுதான், தள்ளாட்டத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். குளோர்தாலிடோன் போன்ற மருந்துகள் வயதானவர்களுக்குச் சோடியத்தை இப்படி இறக்குவது அடிக்கடி நடப்பது.

சோடியம் குறைந்தால் தண்ணீர் மூளைச் செல்லுக்குள் புகுந்து அது வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போகும். மெல்ல இறங்கினால் மூளைச் செல்கள் தங்களிடமுள்ள உப்புகளையும் வேறு சில பொருள்களையும் வெளியேற்றி வீக்கத்தைத் தணித்துக்கொள்ளும். அம்மா ஒரு வாரமாக நடமாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இது மெல்ல இறங்கியதாகவே தோன்றுகிறது.

இங்கேதான் அவசரம் கெடுதல் செய்யும். அப்படிப் பழகிப்போன மூளையில் சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் செல்லிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு, மூளைத்தண்டில் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதையும். முதலில் நோயாளி தேறியது போலத் தெரிவார். சில நாள் கழித்து பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் செயலிழக்கும். பலருக்கு அது முழுமையாகத் திரும்புவதில்லை. அதனால் 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. 124-ல் தொடங்கினால் நாளை இதே நேரம் 132-ஐத் தாண்டக் கூடாது. வலிப்போ மயக்கமோ வந்தால் மட்டும் கணக்கு மாறும். 3 சதவீத உப்புநீரை 100 முதல் 150 மில்லி வேகமாக ஏற்றுவார்கள். 4 முதல் 6 வரை ஏறினாலே மூளை வீக்கம் தணியும், ஆனால் அந்த ஏற்றமும் அன்றைய 8-க்குள் அடக்கம்.

அம்மா விஷயத்தில் கூடுதல் கவனம் ஒன்று வேண்டும். குளோர்தாலிடோனை நிறுத்தி உப்புநீரும் ஏற்றும்போது, அடக்கி வைத்திருந்த தண்ணீரைச் சிறுநீரகம் ஒரேயடியாக வெளியேற்றலாம். சோடியம் தானாகவே எகிறும். திடீரென்று வெளுத்த சிறுநீர் நிறையப் போனால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். முதல் நாளில் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். வீட்டில் உப்பைக் கூட்டிச் சாப்பிட வைப்பதால் பி.பி.யும் கால் வீக்கமும்தான் கூடும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதும் காரணத்தைப் பொறுத்தது. டாக்டர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த கோட்ரைமாக்சசோல் போன்றவையும் பொட்டாசியத்தை ஏற்றும். 'அது சும்மா வலி மாத்திரை' என்று விட்டுவிடாதீர்கள். எழுந்து நின்றால் பி.பி. இறங்குவது, எடை குறைவது, உள்ளங்கை ரேகையிலும் ஈறிலும் கருமை படர்வது ஆகியவை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அட்ரீனல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயிலும் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறும். நம் நாட்டில் காசநோயும் அந்தச் சுரப்பியைக் கெடுக்கும். காலை 8 மணி கார்டிசால் பரிசோதனை அதற்கான முதல் படி. சந்தேகம் வலுவாக இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் ஸ்டீராய்டு ஊசி தொடங்குவார்கள்.

வீடு திரும்பிய பிறகு டெல்மிசார்டானோ ஸ்பைரோனோலாக்டோனோ மீண்டும் தொடங்கினால் ஒரு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கத் தேதி குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். டோஸ் மாறும் ஒவ்வொரு முறையும் அதே போல.