விகிதம் பார்க்கிறோம், ஓட்டை எங்கே? கேள்வி பதில்

பட்டறை உரிமையாளர்: தகட்டில் பிரஸ் வேலை செய்து உதிரி பாகம் கொடுக்கிறோம். நூறு விற்பனைக்கு மூலப்பொருள் 58, கூலி 12, மேற்செலவு 20. எங்களைப் போன்ற இன்னொரு தொழிற்சாலையில் முறையே 50, 16, 22. மூலப்பொருளில் 8 அதிகம் என்றால் கொள்முதல் செய்பவர் ஏமாற்றுகிறாரா?

அவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன், இரண்டு பேரும் ஒரே சரக்கை ஒரே தலைப்பில்தான் எழுதுகிறார்களா என்று பாருங்கள் சார். நீங்கள் பிறகு அனுப்பிய விவரத்தில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று ஸ்கிராப். வெட்டியது போக மிஞ்சும் தகட்டை விற்று வருவதை நீங்கள் 'இதர வருமானம்' என்று தனியே வைத்திருக்கிறீர்கள். நூறு விற்பனைக்கு அது 3. அவர்கள் அதை மூலப்பொருள் செலவிலேயே கழித்துவிடுகிறார்கள். நீங்களும் கழித்தால் 58 உடனே 55 ஆகிறது.

இரண்டாவது பிளேட்டிங், அதாவது பாகத்துக்கு உலோகப் பூச்சுக் கொடுப்பது. நீங்கள் வெளியே கொடுத்துச் செய்கிறீர்கள், அந்த 4 மூலப்பொருளோடு சேர்ந்திருக்கிறது. அவர்கள் உள்ளேயே செய்கிறார்கள். அவர்களுடைய பிளேட்டிங் செலவு ரசாயனமாக 1, கூலியாக 2, மின்சாரமும் மற்றதுமாக மேற்செலவில் 1.5 என்று மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது. இந்த வேலையை இரண்டு பக்கமும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் உங்களுக்கு 51, 12, 20. அவர்களுக்கு 49, 14, 20.5.

எட்டாக இருந்த இடைவெளி இரண்டாகிவிட்டது. மொத்தம் கூட்டினால் நீங்கள் 83, அவர்கள் 83.5. பிறகு எதற்கு மேலே பார்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். மொத்தம் ஒத்துப்போகும்போதுதான் உள்ளே ஒன்றின் பலவீனத்தை இன்னொன்று மூடி மறைக்கும்.

அதே உரிமையாளர்: மிச்சமிருக்கும் அந்த 2 பெரிய விஷயமா?

உங்களுக்கு அது 2 அல்ல, 3. கிலோ விலையை ஒப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் பெரிய அளவில் வாங்குவதால் அவர்களைவிட 2 சதவீதம் மலிவாகத் தகடு கிடைக்கிறது. அவர்களுடைய 49 உங்கள் விலையில் 48 ஆகியிருக்கும். நீங்கள் 51இல் நிற்கிறீர்கள். ஆக விலையில் 1 மிச்சம் பிடித்து, பயன்பாட்டில் 3 விடுகிறீர்கள். கொள்முதல்காரர் மேல் சந்தேகப்பட்டீர்களே, அவர்தான் அந்த 1ஐச் சம்பாதித்துக் கொடுத்தவர்.

100 கிலோ தகடு உள்ளே போனால் உங்களிடம் நல்ல பாகமாக வெளியே வருவது 74 கிலோ, அவர்களிடம் 80. ஸ்கிராப் விலை தகட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், கழிவை விற்று வரும் காசு இந்த இழப்பை ஈடுகட்டாது. உங்கள் 26 கிலோவைப் பிரித்து எடைபோடச் சொன்னேன் அல்லவா? வெட்டியபின் மிஞ்சும் சல்லடை 19, தகட்டின் ஓரத் துண்டு 3, தரத்தில் தள்ளுபடியான பாகம் 4 என்று வந்தது. முதலில் தொட வேண்டியது அந்த 19ஐ. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி, தகட்டுத் தடிமனின் ஒன்று, ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் ஏன் என்று, பாகத்தை வெட்டும் அச்சான டையைச் செய்தவரிடம் கேளுங்கள். பாகத்தைக் கொஞ்சம் திருப்பிப் படுக்கவைத்தாலே வரிசை நெருங்கிவிடும். தகட்டின் அகலம் பாகத்தின் அளவோடு ஒத்துவராமல் இருந்தால், தேவையான அகலத்தில் பிளந்த சுருளாக வாங்க முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று, இது எடைக் கணக்கில் தெரியவே தெரியாது. 1.2 மிமீ என்று வாங்கும் தகடு 1.26 மிமீ வந்தால் 5 சதவீதம் கூடுதல் எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள். பாகமும் அதே அளவு கனமாக வருவதால் 74 என்ற விகிதம் மாறாது. ஆனால் நீங்கள் பாகத்தை எண்ணிக்கையில் விற்கிறீர்கள். அதனால் டன்னுக்கு எத்தனை பாகம் என்றும் எண்ணுங்கள். மைக்ரோமீட்டரை எடுத்துத் தகட்டின் நடுவிலும் ஓரத்திலும் அளந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

உற்பத்தி மேற்பார்வையாளர்: கூலியில் நாங்கள் 12, அவர்கள் 14. அதிலாவது நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்ளுங்கள் சார்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். கூலிச் செலவு என்பது ஒரு மணி நேரக் கூலியையும் ஒரு டன் சரக்குக்கு ஆகும் மணி நேரத்தையும் பெருக்கினால் வருவது. உங்களிடம் ஒரு டன் நல்ல பாகத்துக்கு 40 மணி நேரம், அவர்களிடம் 36. நீங்கள் 11 சதவீதம் அதிக நேரம் எடுத்தும் செலவு குறைவாக இருக்கிறது என்றால், மணிக்கூலி அவர்களைவிடக் கிட்டத்தட்ட 23 சதவீதம் குறைவு என்று அர்த்தம். அது உங்கள் மேற்பார்வையின் திறமை அல்ல, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குக் கூலி உயர்ந்தால் ஜெயித்தது போய்விடும், 40 மணி நேரம் மட்டும் அப்படியே நிற்கும்.

கூடவே ஒன்றைச் சரிபாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கான பில் எந்தத் தலைப்பில் போகிறது? பல இடங்களில் அதை மேற்செலவில் தள்ளிவிடுவார்கள், கூலி அழகாகத் தெரியும்.

மேற்பார்வையாளர்: டை மாற்றவே எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதையும் அந்த 40இல் சேர்த்திருக்கிறார்களா?

உங்கள் நேர அட்டையில் அதற்குத் தனிக் கட்டமே இல்லை, ஆகவே உள்ளேதான் கலந்திருக்கிறது. முதலில் கட்டம் போட்டுத் தனியாக எழுதுங்கள். ஒரு மாதப் பதிவு கையில் வந்தால் நாலு மணி நேர வித்தியாசத்தில் எவ்வளவு டை மாற்றுவதால், எவ்வளவு ஆள் சும்மா நிற்பதால் என்று பேசலாம். இப்போது சொன்னால் ஊகம்.

வணிகவியல் மாணவி: எங்கள் குடும்பக் கடையின் போன வருட விகிதத்தையும் இந்த வருட விகிதத்தையும் வைத்து இதையே செய்யலாமா?

அது வேறு கேள்விம்மா. நம்மையே நாம் பார்ப்பதில் நம் பழக்கக் குறை தெரியாது. 74 கிலோ போன வருடமும் 74தான் என்றால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். தவிர, கடையில் உற்பத்தி கிடையாது. கொள்முதல், சம்பளம், வாடகை என்று வேறு பிரிவு எடுக்க வேண்டும்.

கணக்காளர்: கட்டடம் எங்களுக்குச் சொந்தம், அவர்களுக்கு வாடகை. அவர்கள் மேற்செலவு 20.5இல் வாடகையும் இருக்கிறது. கொடுக்காத வாடகையை நாங்கள் எப்படிச் செலவில் எழுதுவது? தணிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஏட்டில் எழுத வேண்டாம் ஐயா, ஒப்பீட்டுத் தாளில் மட்டும் எழுதுங்கள். அதே இடத்தை வெளியாருக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் கணக்கு. உங்கள் மதிப்பில் அது 2. எழுதினால் மேற்செலவு 22, அவர்களைவிட 1.5 அதிகம். முதலாளி சம்பளம் எடுக்காமல் வேலை பார்த்தாலும், தேய்மானம் முடிந்த பழைய இயந்திரம் ஓடினாலும் இதே மாதிரித்தான்.

ஆனால் 22ஐப் பார்த்தவுடன் டெலிபோன் பில்லையும் காகிதத்தையும் குறைக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதில் 14 மாறாத செலவு, 8 உற்பத்தியோடு ஏறி இறங்குவது. உங்கள் பிரஸ் 60 சதவீத நேரம் ஓடுகிறது, அவர்களுடையது 75. நீங்களும் 75 ஓட்டி, அந்தக் கூடுதல் சரக்கும் இதே விலைக்கு விற்றிருந்தால் மாறாத செலவு 14இலிருந்து 11.2 ஆகும், மொத்தம் 19.2. அவர்களைவிடக் குறைவு. நீங்கள் அதிகம் செலவழிக்கவில்லை, குறைவாக ஓட்டுகிறீர்கள். ஆர்டர் இல்லாமலா, டை காத்திருந்தா, பழுதாலா என்பதை இயந்திரப் பதிவேடு சொல்லும்.

கணக்காளர்: வாடகை விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. சொந்தக் கட்டடம் எங்கள் பலம்தானே, அதை ஏன் அழிக்க வேண்டும்?

பலம்தான், லாபத்தில் அது தெரியட்டும். பட்டறை ஓட்டும் விதத்தை எடைபோடும்போது மட்டும் வெளியே நிற்கட்டும் என்கிறேன். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் இரண்டு விதமாகவும் போட்டு முதலாளியிடம் வையுங்கள்.

புதிதாகத் தொழில் தொடங்கியவர்: போட்டியாளர் தன் எண்ணை நமக்கு ஏன் கொடுக்கப் போகிறார்? பங்குச் சந்தைக் கம்பெனி அறிக்கையிலிருந்து எடுத்தால் போதாதா?

நேரே கேட்டால் கொடுக்க மாட்டார். நடுவில் ஒருவர் இருந்து, பெயரை மறைத்து, எல்லோருக்கும் ஒரே படிவம் கொடுத்து, விகிதத்தை மட்டும் திருப்பித் தருவதுதான் வழி. பிரிட்டனில் 1959இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். இந்த உரிமையாளரும் தன் தொழில் சங்கம் வழியாகத்தான் வாங்கினார். அந்தப் படிவத்தில் தொகை கேட்காமல் விகிதமும் கிலோவும் மணி நேரமும் கேட்டதால்தான் மற்றவர் கொடுத்தார்.

அச்சிட்ட அறிக்கையில் ஊழியர் செலவு என்றால் அலுவலகமும் விற்பனையும் சேர்ந்தே வரும், பட்டறைக் கூலி தனியாகத் தெரியாது. செலவுகளைத் தன்மைப்படி காட்டுவதா, பணிப்படி காட்டுவதா என்பதை ஐஏஎஸ் 1 என்ற பன்னாட்டுக் கணக்கு விதி நிறுவனத்திடமே விட்டிருந்தது. அதனால் ஒரு அறிக்கையில் மூலப்பொருள் தனி வரியாக இருக்கும், இன்னொன்றில் விற்ற சரக்கின் அடக்கத்துக்குள் கரைந்திருக்கும். தோராயமான திசை தெரியும், அவ்வளவுதான்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். மூன்று விகிதமும் ஒரே அளவில், ஏறக்குறைய ஐந்து சதவீதம் என்கிற மாதிரி, எதிராளியைவிட உயர்ந்திருந்தால் பட்டறையைத் தேடாதீர்கள். விற்பனை விலையைப் பாருங்கள். வகுக்கும் எண் விற்பனையாக இருப்பதால், மலிவாக விற்பவருக்கு எல்லா விகிதமும் சேர்ந்தே ஏறும்.

சிறு ஆர்டர் எடுக்கும் பட்டறைக்காரர்: நாங்கள் இருநூறு, முந்நூறு என்று எடுப்பவர்கள். ஒரே பாகத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிறவரோடு எங்களை வைத்தால் எங்களுக்குத்தானே அவமானம்?

தகட்டுப் பயன்பாட்டை ஒப்பிடலாம், வடிவம் ஓரளவு ஒத்த பாகங்களாகத் தேர்ந்தெடுத்தால் போதும். கூலியில் டை மாற்றும் நேரத்தை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு ஓடும் நேரத்தை மட்டும் பார்க்கலாம். மேற்செலவில்தான் எனக்கே தடுமாற்றம். சிறு ஆர்டருக்கு ஆகும் திட்டமிடல், ஆய்வு, பில் போடும் வேலை எல்லாம் ஆர்டர் எண்ணிக்கையைப் பொறுத்தது, விற்பனையைப் பொறுத்தது அல்ல. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம் என்பது ஒரு கட்சி. அப்படிப் பிரிப்பதே பாதி ஊகம், உங்களைப் போன்ற இன்னொரு சிறு ஆர்டர் பட்டறை கிடைக்கும் வரை மேற்செலவை ஒப்பிடவே வேண்டாம் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். மாற்றிச் சொல்ல யாரிடமாவது உண்மையான எண் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.