கதவு பூட்டாமல் இருந்தால் சிறைவைப்பு ஆகாதா?

கேள்வி: கல்லாவில் பணம் குறைகிறது என்று சொல்லி மேனேஜர் என்னை ஒரு ரூமில் உட்கார வைத்துவிட்டார். கதவைப் பூட்டவில்லை, யாரும் என் மேல் கை வைக்கவும் இல்லை. ஆனால் போகவும் விடவில்லை. இதற்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்:

முடியும். பூட்டு இருந்திருந்தால் நிரூபிப்பது சுலபம், அவ்வளவுதான். பூட்டு இல்லாததால் வழக்கே இல்லை என்று ஆகிவிடாது.

நான் வக்கீல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வழக்கில் வாதியாக நின்று, குறுக்கு விசாரணையில் பதில் சொல்லி, கடைசி வரை பார்த்திருக்கிறேன். "கதவு திறந்துதானே இருந்தது, எழுந்து போயிருக்கலாமே" என்று கீழே எழுத வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்.

ஒருவர் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்க வழி செய்யும் தீங்கியல் சட்டத்தில் தவறான சிறைவைப்பு என்றால் ஓர் ஆளை நான்கு பக்கமும் அடைப்பது. ஒரு பக்கம் மறித்துவிட்டு இன்னொரு பக்கம் விட்டிருந்தால் அது வேறு ஏதாவது தப்பாக இருக்கலாம், சிறைவைப்பு ஆகாது. இதற்கு எல்லோரும் காட்டும் வழக்கு 1845இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேர்ட் எதிர் ஜோன்ஸ். லண்டன் ஹாமர்ஸ்மித் பாலத்தில் படகுப் போட்டி பார்க்க நடைபாதையின் ஒரு பகுதியை அடைத்து, காசு கொடுத்தவர்களுக்கு இருக்கை போட்டிருந்தார்கள். பேர்ட் வேலியைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டார். போலீஸ்காரர்கள் அவரை முன்னால் போக விடவில்லை; வந்த வழியே திரும்பிப் போகலாம் என்றார்கள். அவரோ நகர மாட்டேன் என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றார். திரும்பிப் போக வழி இருந்ததால் சிறைவைப்பு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். தலைமை நீதிபதி டென்மன் மட்டும் உடன்படவில்லை. நான் போக உரிமையுள்ள வழியில் என்னைத் தடுத்தால், வேறு வழி திறந்திருந்து எனக்கென்ன என்பது அவர் கேள்வி. எனக்கு மனசு அவர் பக்கம்தான். ஆனால் இன்றுவரை நிற்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதனால் உங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு தேடப்போவது ஒன்றே ஒன்றை: நீங்கள் போயிருக்கக்கூடிய ஒரு வழி.

என் வழக்கிலும் அதைத்தான் தேடினார்கள். நான் அப்போது ஒரு நிறுவனத்தில் சரக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். இருப்பில் சில பெட்டிகள் குறைந்தன. சாப்பிட்டுவிட்டு வந்ததும் என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கைப்பையையும் போனையும் "செக் பண்ணிட்டுத் தர்றோம்" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு பாதி திறந்தே இருந்தது. வெளியே செக்யூரிட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வேலை நேரம் முடிந்ததும் எழுந்து வாசலுக்குப் போய், "நான் கிளம்புறேன், பையைக் கொடுங்க" என்றேன். அவர் எழுந்து நின்றுகொண்டு, "மேடம், சார் சொல்ற வரைக்கும் வெளிய விட வேணாம்னு சொல்லியிருக்காங்க. உள்ள போய் உக்காருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் போய் உட்கார்ந்தேன். விட்டபோது இருட்டிவிட்டது.

அந்த ரூமுக்கு இன்னொரு கதவும் உண்டு, குடோனுக்குள் போகிற கதவு. நிறுவனத்தின் பதிலுரையில் முக்கால்வாசி அந்தக் கதவைப் பற்றித்தான். "இரண்டாவது வழி இருந்தது, வாதி அதைப் பயன்படுத்தவில்லை." பேர்ட் வழக்கை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். என் வக்கீல் அசரவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் ரூம், குடோன், ஷட்டர் மூன்றையும் வரையச் சொன்னார். குடோனிலிருந்து தெருவுக்குப் போக ஒரு ஷட்டர்தான். மாலையில் அதை வெளிப்பக்கம் பூட்டுவார்கள். அப்படியென்றால் அந்தக் கதவு வெளியே போகும் வழி இல்லை, சிறையின் இன்னொரு அறை. நான் அடைபட்டது ஒரு ரூமில் இல்லை, ரூமும் குடோனும் சேர்ந்த இடத்தில். சிறைவைப்புக்கு இடம் சின்னதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, எல்லை அடைபட்டிருந்தால் போதும்.

ஷட்டர் ஒருவேளை திறந்தே இருந்திருந்தால்? அப்போதும் அது நியாயமான வழியா என்று கேட்க வேண்டும். மாடி ஜன்னல் வழியாகக் குதிக்கலாம் என்பது வழி இல்லை. 1953இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு வழக்கு. காரில் ஏறிய பெண் இறங்க முடியாதபடி ஓட்டுநர் வேகமாக ஓட்டிக்கொண்டே போனார். கார்க் கதவைத் திறக்க முடிந்திருக்கலாம், ஆனால் ஓடும் காரிலிருந்து குதி என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் அது சிறைவைப்பு ஆயிற்று. உடம்புக்கு ஆபத்தான வழியும், இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாத வழியும் கணக்கில் வராது. கொஞ்சம் சுற்று, கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான் என்றால் அது வழியாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்தது, "யாராவது உங்களைத் தொட்டார்களா?" குறுக்கு விசாரணையில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை என்றுதான் சொன்னேன், அதுதான் உண்மை. தொட வேண்டிய அவசியமே இல்லை. மீறினால் தடுப்பார்கள் என்று நியாயமாகத் தெரிந்து அடங்கி உட்கார்ந்தாலே போதும்.

இதில் உங்களுக்கு ரொம்பவே உதவக்கூடிய வழக்கு 1919இல் இங்கிலாந்தில் வந்த மீரிங் எதிர் கிரஹாம்-வைட் ஏவியேஷன். விமானத் தொழிற்சாலையில் வார்னிஷ் திருடுபோனது. சந்தேகத்தின் பேரில் மீரிங் என்ற தொழிலாளியை நிறுவனத்தின் சொந்தக் காவலர்கள் அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார்கள். எதற்கு என்று சொல்லாவிட்டால் போய்விடுவேன் என்றார் அவர். திருட்டு பற்றிச் சாட்சி சொல்லத்தான் என்றார்கள், அவரும் சரி என்று காத்திருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வரும் வரை அவரை விடக்கூடாது என்று காவலர்கள் பக்கத்திலேயே நின்றது அவருக்குத் தெரியாது. தெரியாமலே ஒருவர் சிறைவைக்கப்பட முடியுமா? முடியும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். தூங்குகிறவரையும் போதையில் கிடப்பவரையும்கூடச் சிறைவைக்கலாம் என்றார் நீதிபதி ஆட்கின். 1988இல் மர்ரே வழக்கில், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் இதை ஏற்றது. ஆனால் அங்கேயே ஒரு எல்லையும் வைத்தார்கள்: தெரியாமலே இருந்து பாதிப்பும் இல்லை என்றால் பேருக்கு ஒரு சின்னத் தொகைதான் கிடைக்கும்.

சரி, எங்கே தோற்க வாய்ப்பு? "நானே என் பேரைச் சுத்தப்படுத்திக்கொள்ள உட்கார்ந்திருந்தேன்" என்ற மாதிரி நீங்கள் எங்காவது எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல். "போனால் வேலை போய்விடும்" என்ற மிரட்டல் மட்டும் இருந்தாலும் சிக்கல்தான். வேலை போகும் பயம் மட்டும் உடலைக் கட்டிப்போட்டதாக ஆகாது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. அதே அமெரிக்காவில், ஆளின் பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு அவரை நிறுத்தி வைத்தது சிறைவைப்பு என்று ஏற்ற வழக்குகளும் உண்டு. என் பையும் போனும் அதனால் முக்கியமாயின.

அப்புறம் "வேலை நேரம்தானே, இருக்கச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு" என்பார்கள். அதற்கு 1915ஆம் வருட ஹெர்ட் வழக்கைக் காட்டுவார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளி, வேலை ஆபத்தானது என்று ஷிப்ட் முடியும் முன்பே மேலே வரக் கேட்டார். லிப்ட் காலியாக இருந்தும் சுமார் 20 நிமிடம் ஏற்றவில்லை. பிரபுக்கள் சபை சிறைவைப்பு இல்லை என்றது. இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் என் வக்கீல் காட்டிய வித்தியாசம் தெளிவானது. அங்கே முதலாளி யாரையும் மறிக்கவில்லை. ஒப்பந்தப்படி தர வேண்டிய நேரத்துக்கு முன்னால் ஓர் உதவியைத் தரவில்லை, அவ்வளவே. என் விஷயத்தில் யாரும் லிப்ட் இயக்கித் தர வேண்டியதில்லை. வாசலை விட்டு விலகினால் போதும், நானே நடந்து போயிருப்பேன். அதுவும் என் வேலை நேரம் முடிந்த பிறகு.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. நான் கிளம்புகிறேன் என்று வாசலில் சொன்ன நேரத்திலிருந்துதான் சிறைவைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். மதியத்திலிருந்து அதுவரை உட்கார்ந்ததை ஏற்கவில்லை. தொகை பெரியது இல்லை. பரவாயில்லை, என்னைச் சிறைவைத்தார்கள் என்ற வரி தீர்ப்பில் இருக்கிறது.

தொகையை விட என்னை வாட்டியது வேறு. அந்த நிறுவனம் எனக்கு அனுபவச் சான்றிதழ் தராமல் இழுத்தடித்தது. பெட்டிகள் வேறொரு கிளைக்குத் தப்பாக அனுப்பப்பட்டவை என்று அவர்களுடைய கணக்கிலேயே தெரிந்த பிறகும் தரவில்லை. போகிற இண்டர்வியூ எல்லாம் "பழைய கம்பெனி லெட்டர் எங்கே?" என்றே கேட்டார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் வழக்குப் போட நினைக்கிறவர்கள் சம்பளச் சீட்டு, வேலை ஆணை எல்லாவற்றையும் முதலில் கையில் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கேள்வியில் எனக்குப் புரியாத இடம் ஒன்றுதான். "போகவும் விடவில்லை" என்கிறீர்கள். எப்படி விடவில்லை? நீங்கள் எழுந்து போகிறேன் என்று கேட்டீர்களா, கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது, அப்போது வாசலில் யார் நின்றார், மணி என்ன? கேட்காமலே இருந்திருந்தாலும், வாசலில் நின்றவருக்கு என்ன உத்தரவு போயிருந்தது என்பதை மீரிங் வழக்கு மாதிரி அவர்கள் ஆட்களின் சாட்சியத்திலிருந்தே எடுக்க முடியும். ஞாபகம் இருக்கும்போதே இதையெல்லாம் அவர்கள் பேசிய அதே வார்த்தைகளில் எழுதி, ரூமின் படத்தையும் எல்லாக் கதவுகளோடும் வரைந்து, வக்கீலிடம் கொண்டு போங்கள்.