வெள்ளிக்கிழமை விரதப் பாட்டு: தாளத்தில் உட்காராத வரி

"வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அம்மன் பாட்டு எழுதினேன். 'செவ்வந்திப்பூச் சரங்களைச் சூடிய' என்ற வரி படிக்க அழகு, பாடினால் தாளத்தை விட்டு ஓடுகிறது."

மாத்திரையை எண்ணிப் பாருங்கள். குறில் 1, நெடிலும், மெய் சேர்ந்த குறிலும் 2. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையில், எண்ணிக்கைக்கு 2 வீதம் 16 மாத்திரை அடங்கும். செவ்வந்திப்பூச் 8, சரங்களைச் 6, சூடிய 4, மொத்தம் 18. அந்த 2 மாத்திரையை அடக்கத்தான் பாடுபவர் அவசரப்படுகிறார்.

நான்கு நான்காக வெட்டுங்கள்:

செவ்வந் / திப்பூச் / சரமே / சூடி
வாராய் / அம்மா / ஒளியாய் / வாராய்

'சூடி' 3தான், ஆனால் வரிக் கடைசி என்பதால் 'டி'யை நீட்டலாம், அல்லது அங்கே மூச்சு வாங்கலாம். விரத நாளில் வயிறு காலி, மூச்சு குறுகும். ஆகவே இந்த இடைவெளியைச் சொல் போட்டு நிரப்பாதீர்கள்.

இரண்டாம் வரியை எல்லாக் கண்ணிக்கும் அப்படியே வையுங்கள். தாள் பார்க்காத பாட்டியும் குழந்தைகளும் அதில் சேர்ந்துகொள்வார்கள், உங்களுக்கும் ஓய்வு.

மென்மை குறைகிறதென்றால் க்க, ட்ட, ப்ப அடுத்தடுத்து வருகிறதா என்று பாருங்கள். அவை கும்மிக்குப் பொருந்தும், விளக்கின் முன் உட்கார்ந்து பாட இடறும். ம், ல், ய் முடிவுகள் இழைந்து போகும். மெட்டுக்கு மோகனம் போதும். மேல் சட்ஜத்தைத் தொடாமல் தைவதத்தோடு நிறுத்துங்கள்.