குறைந்த செலவில் பெட்டி அனுப்பும் போக்குவரத்துக் கணக்கில், அடைபட்ட பாதைக்கு என்ன செலவு போடுவது?

“நகரத்தில் 40 பெட்டி, கிண்ணியாவில் 30. மூதூருக்கு 25, நிலாவெளிக்கு 20, கந்தளாய்க்கு 25 வேண்டும். பெட்டிக்கான செலவு நகரத்திலிருந்து நிலாவெளி 3, கந்தளாய் 6. கிண்ணியாவிலிருந்து மூதூர் 4, நிலாவெளி 5, கந்தளாய் 7. நகரம்–மூதூர் பாதை அடைப்பு. அங்கே 0 போட்டேன், மூதூரின் 25 பெட்டியும் அதிலேயே போகிறது. ஏன்?”

0 என்றால் கணக்குக்கு அது இலவசப் பாதை, விடுமா பின்னே! அங்கே மிகப் பெரிய செலவு, M, போட வேண்டும். எவ்வளவு பெரியது? உள்ளதிலேயே கூடிய செலவு 7, மொத்தம் 70 பெட்டி. திறந்த பாதைகளில் எப்படி அனுப்பினாலும் 490ஐத் தாண்டாது. ஆகவே M = 1000 தாராளம்.

வடமேற்கு மூலையில், அதாவது அட்டவணையின் மேல் இடது கட்டமான நகரம்–மூதூரில், தொடங்கினால் முதல் 25 பெட்டி அந்தக் கட்டத்திலேயே விழும். பயப்பட வேண்டாம், அது தொடக்கத் திட்டம்தான். மேம்படுத்தும்போது தானாக வெளியேறிவிடும். கடைசியில் வருவது இது: நகரத்திலிருந்து நிலாவெளி 20, கந்தளாய் 20, கிண்ணியாவிலிருந்து மூதூர் 25, கந்தளாய் 5. செலவு 60 + 120 + 100 + 35 = 315.

அப்புறம் சரிபார்ப்பு. அடைத்த கட்டத்தில் போகும் பெட்டி 0 ஆக இருக்கிறதா என்று நேரே பாருங்கள். மொத்தச் செலவும் காட்டிக்கொடுக்கும்: ஒரு பெட்டி போயிருந்தாலும் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.

மூதூர் 35, கந்தளாய் 15 என்று கேட்டிருந்தால் கிண்ணியாவின் 30 போதாது. 5 பெட்டி அடைத்த பாதையில்தான் நிற்கும். அப்போது M-ஐ இன்னும் கூட்டிப் பயனில்லை. அந்தப் பாதை இல்லாமல் திட்டமே கிடையாது என்பதுதான் விடை.