அப்பாவின் கையெழுத்து எதற்கு?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. யூடியூபில் ஒரு பக்தி சேனல் நடத்துகிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வளாகத்துக்குள் திருவிழாவைப் படமெடுக்க கமிட்டிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். எப்படி எழுதினால் மறுக்காமல் சம்மதிப்பார்கள்? அப்பா முன்பு கமிட்டியில் பொருளாளராக இருந்தவர். அதனால் அவர் பெயரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். சேனலுக்கு இப்போதுதான் விளம்பர வருமானம் வரத் தொடங்கியிருக்கிறது. அதெல்லாம் அப்பாவுக்குப் புரியாது என்பதால் அவரிடம் சொல்லவில்லை. ஒரு நல்ல மாதிரிக் கடிதம் தாருங்கள்.
- ஒரு வாசகர், சித்தூர் தாலுகா

பதில்: தம்பி, கடிதம் தருகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் பணம் வருவது அப்பாவுக்குப் புரியாதா, அல்லது புரிந்தால் கையெழுத்துப் போட மாட்டாரா? கோயில் பொருளாளராக இருந்து நோட்டில் வரவு செலவு எழுதியவர் அவர். உண்டியல் எண்ணியவர். எந்தப் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பொதுக்குழுவில் எழுந்து நின்று சொன்னவர். அப்படிப்பட்டவருக்குப் பணம் வருவது புரியாது என்று எழுதுகிறீர்களே, மனது வரலாமா?

கடிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரைத்தான் ஊர் கேட்கும். நீங்கள் எடுத்த படத்தில் ஒரு வீட்டுப் பெண் அருள் வந்து ஆடுவது வருகிறது என்று வையுங்கள். அவளுடைய அண்ணன் உங்கள் சேனலுக்கு வந்து சண்டை போட மாட்டான். உங்கள் வீட்டு வாசலில் வந்து அப்பாவைத்தான் கூப்பிடுவான். "நம்ம கோயில் படத்துல காசு வருதாமே, கணக்கு எங்கே" என்று கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் தலை குனிய வேண்டியவரும் அப்பாதான். தனக்கே தெரியாத ஒன்றுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்கச் சேர்த்த நல்ல பெயரைப் பிள்ளைகள் எடுத்துச் செலவு செய்வதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அதில் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். இன்று இரவே அப்பாவிடம் சேனலைப் போட்டுக் காட்டுங்கள். வருமானத்தையும் சொல்லுங்கள். கடிதம் உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் போகட்டும்.

சரி, இப்போது கடிதத்துக்கு வருவோம். முதலில் யாருக்கு எழுதுவது என்று பாருங்கள். உங்கள் சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்துத் தாலுகா. அங்கே தேவஸ்வம் கோயில் என்றால் பெரும்பாலும் கொச்சின் தேவஸ்வம் போர்டின் கீழ் இருக்கும். பழைய மலபார் பகுதிக் கோயில்கள் பலவும் 2008-ல் வந்த மலபார் தேவஸ்வம் போர்டின் கீழ் வரும். போர்டு கோயில்களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழு ஆலோசனை சொல்லும் சமிதிதான், அனுமதி தருகிற அதிகாரம் தேவஸ்வம் அதிகாரியிடம் இருக்கும். ஊர்ப் பொதுவில் கட்டிய மாரியம்மன் கோயில் என்றால் கமிட்டியே முடிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் அர்ச்சனை ரசீதை எடுத்துத் தலைப்பில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். செயலாளரிடம் கேட்டால் அவரே சொல்லிவிடுவார். கமிட்டியின் மினிட்ஸ் புத்தகம் மலையாளத்தில் எழுதப்படுகிறது என்றால், தமிழ்க் கடிதத்தோடு மலையாளத்தில் ஒரு பிரதியும் வையுங்கள். படிக்கச் சிரமப்படும் கடிதம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும், அதற்குள் பூச்சாட்டு வந்துவிடும்.

பூசாரியிடம் தனியாகப் போய்க் கேட்க வேண்டும். கமிட்டி சம்மதித்தாலும், சன்னிதி விஷயத்தில் பூசை செய்பவர் சொல்வதே கடைசி வார்த்தை. தந்திரி வந்து பிரதிஷ்டை செய்த கோயில் என்றால் அவருடைய சொல்லும் வேண்டும். நடை சாத்தி அலங்காரம் நடக்கும்போதும், திரை விலகும்போதும், தீபாராதனையின்போதும் கேமரா இருக்கலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "நான் வெளியிலிருந்துதான் எடுத்தேன்" என்பார்கள். சின்ன மாரியம்மன் கோயில்களில் வாசலுக்கு நேரே நின்றாலே மூலவர் தெரிவார். ஜூம் போட்டால் கருவறைக்குள்ளேயே போன மாதிரிதான். குருவாயூர் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் இதைத் தொட்டுச் சொன்னது. நடைப்பந்தலில் கல்யாணம், சமயச் சடங்குகள் தவிர வீடியோ கூடாது என்றது. தீபஸ்தம்பத்தின் வழியாகக் கோயிலின் உட்பக்கத்தைப் பிடிப்பதையும், குறிப்பாக வ்லாகர்கள் செய்வதை, அனுமதிக்க முடியாது என்றது. அந்த உத்தரவு குருவாயூருக்கானது. ஆனால் உங்கள் கமிட்டிக்காரர்களும் செய்தித்தாள் படிக்கிறவர்கள்தான். உங்கள் கடிதத்தில் எந்த இடத்தில் நிற்பேன் என்பதோடு, எந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப மாட்டேன் என்பதும் இருந்தால் அவர்களுடைய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது மனிதர்கள். தீச்சட்டி எடுப்பவர், பூவோடு எடுப்பவர், அருள் வந்தவர், அழுது வேண்டுபவர். இவர்கள் அம்மனிடம் வந்தவர்கள், உங்கள் சேனலுக்கு வந்தவர்கள் இல்லை. அருள் வந்து ஆடும் பெண்ணுக்குத் தன் தலைமுடி அவிழ்ந்ததும் சேலை நழுவியதும் தெரியாது. அந்தப் படத்தை முகப்புப் படமாக வைத்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். கீழே வருகிற கேலிக் கருத்துகளை அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்பான் என்பதும் தெரியும். பதிவை நீக்கிவிடலாமே என்று சொல்லாதீர்கள். நீங்கள் நீக்குவதற்குள் அது வாட்ஸ்அப்பில் போய்விட்டிருக்கும், அதை உங்களால் திரும்ப வாங்க முடியாது. அதனால் அருள் வரும் காட்சியை எடுக்கவே வேண்டாம். வேண்டுதல் செய்பவரை நெருக்கத்தில் எடுக்க வேண்டுமென்றால் முன்னாடியே அவர் வீட்டில் கேளுங்கள். ஏற்றுவதற்கு முன் வெட்டிச் சேர்த்த படத்தைச் செயலாளருக்கும் பூசாரிக்கும் காட்டுங்கள்.

நாதஸ்வரம், தவில், செண்டை வாசிப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்களுடைய வாசிப்பைப் பதிவு செய்து வெளியிடும் உரிமை அவர்களுடையது. கமிட்டி கூலி கொடுத்துக் கூப்பிட்டதாலேயே அந்த உரிமை உங்கள் கைக்கு வந்துவிடாது. அப்புறம், ஒலிபெருக்கியில் போடும் பக்திப் பாட்டு படத்தில் விழுந்தால் அந்தப் பாட்டை வெளியிட்ட நிறுவனம் உரிமை கோரும், வருமானம் அவர்களுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் படமெடுக்காமல் இருப்பது நல்லது.

வருமானத்தைக் கடிதத்தில் எழுதத்தான் வேண்டும். விளம்பரப் பணம் வர ஆயிரம் சப்ஸ்கிரைபர்களும், ஓராண்டுக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையோ தொண்ணூறு நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும் என்பது இன்று பிளஸ் டூ படிக்கிற பையனுக்கே தெரியும். உங்களுக்கு எத்தனை சப்ஸ்கிரைபர் என்பது சேனலைத் திறந்தால் எல்லோருக்கும் தெரிகிறது. நீங்கள் சொல்லாமல் விட்டாலும் யாராவது சொல்வார்கள், அப்போது நீங்கள் மறைத்தவர் ஆகிவிடுவீர்கள். இந்தக் கோயில் படங்களில் வரும் பணத்தில் ஒரு பங்கு அன்னதானத்துக்கு என்று எழுதலாம். எழுதினால் ரசீது வாங்கிக் கொடுங்கள். அனுமதி கிடைப்பதற்காக மட்டும் எழுதி அப்புறம் மறப்பதாக இருந்தால் எழுதவே எழுதாதீர்கள்.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

"பெறுநர்: செயலாளர், கோயில் கமிட்டி. பொருள்: திருவிழாவைப் படமெடுக்க அனுமதி வேண்டுதல். ஐயா, நான் இந்த ஊரைச் சேர்ந்தவன். யூடியூபில் ஒரு பக்தி சேனல் நடத்துகிறேன். அதன் பெயரும் முகவரியும் கீழே உள்ளன. அதிலிருந்து எனக்கு விளம்பர வருமானம் வருகிறது. வரும் திருவிழாவில் கம்பம் நடும் நாள் மாலையும் மாவிளக்கு நாள் காலையும் வெளிப் பிரகாரத்திலிருந்து படமெடுக்க அனுமதி வேண்டுகிறேன். நானும் ஒரு உதவியாளரும் வருவோம். ஒரு கேமராவும் ஒரு ஸ்டாண்டும் இருக்கும். டிரோனும் கூடுதல் விளக்கும் கொண்டுவர மாட்டேன். கருவறையையும் மூலவரையும் எடுக்க மாட்டேன். அருள் வந்தவர்களை எடுக்க மாட்டேன். பூசாரி நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவேன். ஏற்றுவதற்கு முன் படத்தைத் தங்களுக்குக் காட்டுவேன். தாங்கள் வேண்டாம் என்னும் காட்சியை நீக்கிவிடுவேன். படத்தின் பிரதி ஒன்றைக் கோயிலுக்குத் தருவேன். இதில் எழும் எல்லாப் பொறுப்பும் என்னுடையது. இப்படிக்கு,"

அதன் கீழே உங்கள் பெயர், கைபேசி எண், தேதி. அப்பாவின் பெயர் "இன்னாருடைய மகன்" என்ற இடத்தில் வந்தால் போதும், அதுவும் அவரிடம் சொல்லிவிட்டு.

பூச்சாட்டுக்கு முன் நடக்கும் கூட்டத்திலேயே கொடுங்கள். திருவிழா அன்று வேலையாக ஓடுகிற செயலாளரை மறித்துத் தலையாட்ட வைத்துவிட்டு அதை அனுமதி என்று சொல்லக் கூடாது. இன்னொரு பிரதியில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி எழுத்தில் வரட்டும், எந்த நாள், எந்த இடம் என்பதும் அதில் இருக்கட்டும். இந்த ஆண்டுக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டுக்குச் செல்லாது, மறுபடி கேட்க வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். சன்னிதிதான் தயக்கம் என்றால், மாவிளக்குக்கு மாவு இடிப்பதையும் கம்பம் வெட்டிக் கொண்டுவருவதையும் கோயிலுக்கு வெளியே அந்தந்த வீட்டார் சம்மதத்தோடு எடுக்கலாம். பூமாலை கட்டுகிறவர்களோடு உட்கார்ந்து பேசலாம். அதுவும் வேண்டாம் என்றால் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு அப்பாவோடு திருவிழாவுக்குப் போங்கள். அவரைச் சிபாரிசு செய்ய மட்டும் சொல்லாதீர்கள்.