கமெண்ட்டிலிருந்து அடுத்த கரோசல்

கேள்வி: வேலூர் கோட்டை பற்றி இன்ஸ்டாகிராமில் கரோசல் தொடர் போடுகிறேன். கமெண்ட் நிறைய வருகிறது. அதிலிருந்து அடுத்ததை எப்படிப் பிடிப்பது?

போட்டு இரண்டு நாள் கழித்து, கேள்வியாக வந்த கமெண்ட்டுகளை மட்டும் எழுதியவர் சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "சூப்பர்", "அருமை" எல்லாம் மனசுக்கு இதம், அடுத்த பதிவுக்கு உதவாது.

அப்புறம் ஒவ்வொரு கேள்வியையும் இப்படிச் சோதியுங்கள்: பதில் ஒரு வரியில் முடிகிறதா? "கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்பதற்குக் கமெண்ட்டிலேயே பதில் போதும். ஒரு பதில் இன்னொரு கேள்வியைக் கிளப்பினால்தான் அது கரோசல்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் சிற்பங்களைப் போட்டபோது எனக்கு ஒருவர் எழுதினார்: "சின்ன வயசுல நான் போனப்ப உள்ள சாமியே இல்லையே?" அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாமி எங்கே போனார், எங்கே இருந்தார், எப்போது திரும்பினார் என்று கேள்வி தானாக நீள்கிறது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-ல்தான் கோட்டைக்கு வந்தது. முதல் ஸ்லைடில் அவர் வாக்கியத்தையே, பெயர் இல்லாமல், பெரிய எழுத்தில் வைத்தேன். பிறகு ஸ்லைடுக்கு ஒரு கேள்வி, கடைசி இரண்டில் 1981.

ஒரே சந்தேகத்தை நாலைந்து பேர் கேட்டால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலும் அது உங்கள் பழைய ஸ்லைடில் ஏதோ தெளிவில்லை என்பதன் அடையாளம். புதுசு போடும் முன் பழைய பதிவின் கேப்ஷனில் விளக்கம் சேருங்கள்.

போட்டதும் அந்தப் பழைய கமெண்ட்டுக்குக் கீழே "உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது" என்று எழுதுங்கள். கேட்டவர் கட்டாயம் வந்து பார்ப்பார், பெரும்பாலும் அடுத்த கேள்வியோடு.